நாலு நிரல் அட்டவணையோடு மூன்று வருடம்

வரலாற்றுச் சிறப்புக் கற்கையின் முதல் வருடம் எங்கள் சேர் வெண்பலகையில் நாலு நிரல் கீறி, மூலம், சூழல், கூற்று, நம்பகத்தன்மை என்று தலைப்புப் போட்டார். "ஒப்படைக்குக் குறிப்பெடுக்கிறதென்றால் இனி இதுக்குள்ளதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவரை நான் சீஆர் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி நிரப்புகிற ஆள். எழுத உட்காரும்போதுதான் தெரியும், எந்த வரி யார் சொன்னது, எது என் சொந்த ஊகம் என்று பிரிக்கவே முடியாது.

இந்த அட்டவணையை இப்போது மூன்று வருடமாகப் பாவிக்கிறேன். நான் எடுத்த ஒப்படைகள் பெரும்பாலும் எங்கள் மட்டக்களப்பைச் சுற்றியவைதான். அதனால் உதாரணங்களும் இங்கிருந்தே வரும்.

ஆரம்பத்தில் ஒரு மூலத்துக்கு ஒரு நிரை என்று போட்டேன். 1602இல் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கிய ஒல்லாந்தர் ஸ்பில்பேர்கன். அவருடைய பயணக் குறிப்புக்கு ஒரே நிரை. நம்பகத்தன்மை என்ற இடத்தில் "உயர்வு, நேரில் கண்டவர்" என்று எழுதி முடித்தாயிற்று. அந்தக் குறிப்போடு அச்சான செதுக்குப்படம் ஒன்று இருக்கிறது, கண்டி மன்னன் விமலதர்மசூரியனும் அவரும் கைகோத்து நிற்பது. அதையும் அதே நிரைக்குள் தள்ளி, மன்னன் எப்படி உடுத்தியிருந்தான் என்று அரைப்பக்கம் எழுதினேன். நேரில் கண்டவர் ஸ்பில்பேர்கன். படம் செதுக்கப்பட்டதோ ஒல்லாந்தில். செதுக்கியவருடைய கைக்கும் மன்னனுடைய உடுப்புக்கும் இடையில் எத்தனை பேருடைய விவரிப்பு இருந்தது என்று நான் யோசிக்கவேயில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு கூற்றுக்கு ஒரு நிரை என்று மாற்றினேன். நிரைகள் மூன்று நாலு மடங்கு கூடும், அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நம்பகத்தன்மை என்பது மூலத்துக்குப் போடுகிற புள்ளி இல்லை, அந்தக் கூற்றுக்குப் போடுகிறது என்று கைக்குப் பழகிவிடும்.

அட்டவணை உண்மையில் வேலை செய்ததை நான் கண்டது 1638 ஒப்பந்தத்தில். மே 18இல் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து விழுகிறது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் இங்கேயே ஒப்பந்தம் செய்கிறார்கள். நான் எழுதிய நிரை இப்படி இருந்தது. மூலம்: 1638 ஒப்பந்தம். சூழல்: போர்த்துக்கேயரைத் துரத்த மன்னன் ஒல்லாந்தரோடு சேர்ந்தது. கூற்று: கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்துப் படை நிற்கும். நம்பகத்தன்மை: மிக உயர்வு, அரச ஆவணம்.

சேர் அந்த "மிக உயர்வு" என்பதைச் சிவப்பால் வட்டமிட்டு, பக்கத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "எந்தப் பிரதி?"

ஒப்பந்தம் ஒரு மொழியில் மட்டும் இல்லை. மன்னனுக்குப் போர்த்துக்கேய மொழி தெரியும், அன்றைக்கு ஐரோப்பியரோடு பேச்சு நடந்ததும் அந்த மொழியில்தான். போர்த்துக்கேயப் பிரதியின் மூன்றாவது சரத்தில், கோட்டைகளில் படை வைப்பது மன்னன் விரும்பினால் என்ற கருத்தில் ஒரு தொடர் உண்டு. ஒல்லாந்துப் பிரதியில் அது இல்லை. அந்தச் சின்னத் தொடருக்குள்தான் சண்டை முழுக்க இருக்கிறது. 1640இல் காலிக் கோட்டை விழுந்தபோது மன்னன் தன் கோட்டை என்று நினைத்தான், ஒல்லாந்தர் அங்கேயே இருந்துவிட்டார்கள். போர்த்துக்கேயரைத் துரத்தி ஒல்லாந்தரைக் கொண்டுவந்தது, இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் இதுதான்.

அப்புறம் அந்த நிரையை இரண்டாக உடைத்தேன். ஒன்றில் போர்த்துக்கேயப் பிரதி, மற்றதில் ஒல்லாந்துப் பிரதி. சூழல் நிரலில், யார் கையில் இருந்த பிரதி, யாருக்குக் காட்ட வேண்டிய பிரதி என்று சேர்த்தேன். நம்பகத்தன்மைதான் கஷ்டம். கடைசியில் எழுதியது இது: "தன் பக்கத்துக்கு என்ன கிடைத்ததாக ஒவ்வொரு தரப்பும் சொல்லிக்கொண்டது என்பதற்கு இரண்டும் நல்ல சான்று. இரு தரப்பும் எதற்கு உடன்பட்டன என்பதற்கு எதுவும் தனியாகப் போதாது." ஒப்படையின் வாதம் அந்த இரண்டு வசனத்திலிருந்தே வந்தது. வேறு எங்கும் தேடவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் இரண்டு பிரதியையுமே பார்க்கவில்லை! பார்த்தது ஆங்கில நூலொன்றில் எடுத்தாளப்பட்ட மொழிபெயர்ப்பை, அதுவும் போட்டோ கொப்பியில். அன்றிலிருந்து மூலம் என்ற நிரலில் இரண்டு வரி எழுதுகிறேன். மேலே மூலம், கீழே "நான் பார்த்தது". ஐந்தாவது நிரல் போடலாம்தான், ஆனால் குறுக்காகத் திருப்பிய ஏ4 தாளில் இடம் காணாது.

எங்கள் ஊர் வரலாற்றைச் சொல்லும் மட்டக்களப்பு மான்மியம் என்ற நூலில் வேறு மாதிரிச் சிக்கல். மாகோன் குடிகளையும் கோயில் உரிமைகளையும் வகுத்தான் என்ற செய்தி அதில் வருகிறது. மாகோன் என்பது கலிங்க மாகன், அவன் இலங்கைமேல் படையெடுத்தது 1215இல். நூல் அச்சானது 1962இல், ஏடுகளிலிருந்து. சூழல் என்ற இடத்தில் ஒரே ஆண்டு போட்டால் எது போட்டாலும் பிழை. ஆகவே நடந்ததாகச் சொல்லும் காலம், எழுதப்பட்ட காலம், அச்சான ஆண்டு என மூன்றாக எழுதுகிறேன். நடுவில் உள்ளது தெரியாவிட்டால் வெறுமையாக விடுகிறேன். கேள்வியைப் பொறுத்து நம்பகத்தன்மையும் மாறும். 13ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது என்று கேட்டால் "குறைவு". கோயில் உரிமையைப் பிற்காலத்தில் எதைச் சொல்லி நியாயப்படுத்தினார்கள் என்று கேட்டால் "உயர்வு". ஒரே வரிக்கு இரண்டு மதிப்பு, இரண்டும் சரி. அதனால் உயர்வு, குறைவு என்று எழுதினால் "எதற்கு?" என்பதையும் கூடவே எழுதாமல் விடுவதில்லை. ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட்டும் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து அந்த மூன்று ஏன் மூன்று என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் வருடம் எக்செலுக்கு மாறினேன். அங்கே ஒரு நாள் வயிறு கலங்கியது. சூழல் நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தினேன். Expand the selection வேண்டுமா, Continue with the current selection வேண்டுமா என்று கேட்டது. அவசரத்தில் இரண்டாவதை அமத்திவிட்டேன். அந்த நிரல் மட்டும் இடம் மாறி, மற்ற மூன்றும் நின்ற இடத்திலேயே நின்றன. சேமித்து மூடியும் ஆயிற்று. மான்மியத்தின் கூற்றுக்குப் பக்கத்தில் ஒல்லாந்துத் தளபதியின் சூழல் நின்றதைக் கண்ட பிறகுதான் விளங்கியது. அறுபது நிரையைக் கொப்பியைப் பார்த்துத் திருப்பிப் பொருத்த இரண்டு இரவு போனது. இப்போது ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு. மூலத்தின் முன்னாலும் கூற்றின் முன்னாலும் சூழலின் முன்னாலும் அதே இலக்கத்தை எழுதுகிறேன். குழம்பினால் உடனே கண்ணில் படும்.

திகதியும் அப்படித்தான். 1900க்கு முந்திய நாளை எக்செல் திகதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 23.05.1638 என்று எழுதினால் வருடப்படி வரிசைப்படாது. 1638-05-23 என்று எழுதுங்கள், எழுத்தாக இருந்தாலும் ஒழுங்காக நிற்கும்.

போனில் இந்த அட்டவணையைத் திறந்து வேலை செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். நம்பகத்தன்மை நிரல் திரைக்கு வெளியே போய்விடும், அதைத்தான் முதலில் நிரப்பாமல் விடுவோம். நான் இன்னமும் முதல் தடவை தாளில்தான் எழுதுகிறேன். கடைசி நிரலைப் பென்சிலால்.