டேட்டா தீர்ந்த பிறகு: வேகக் குறைப்பா, தானியங்கி டாப்-அப்பா?

டர்பனில் ஃபைபர் வராத தெருக்களில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், பல வீடுகள் இன்னும் சிம் போட்டு ஓடும் எல்.டி.இ. ரவுட்டரில்தான் ஓடுகின்றன. மாத அளவு தீர்ந்ததும் இந்த இணைப்புகள் இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று, வேகத்தைக் குறைத்துவிட்டு மாதக் கடைசி வரை தொடர்ந்து ஓடும். இல்லையென்றால், தானாகவே ஒரு டாப்-அப் வாங்கி அதைப் பில்லில் சேர்க்கும்.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 100 ஜி.பி. திட்டம், 31 நாள் மாதம், 22-ஆம் தேதி இரவோடு டேட்டா தீர்ந்துவிட்டது. நாளுக்குச் சுமார் 4.5 ஜி.பி. செலவாகியிருக்கிறது. மிச்சமிருக்கும் 9 நாளுக்கு இதே போக்கில் 41 ஜி.பி. வேண்டும்.

வேகம் 2 எம்.பி.பி.எஸ். ஆகக் குறைந்தால், ஒரு ஜி.பி. இறங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். தாத்தா டி.வி.யில் சீரியல் பார்க்கலாம். படம் சுமாராகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மாடியில் ஒருவர் வீடியோ கால் போட்டால் இரண்டுமே திக்கும். ஆனால் காசு நிலையானது, மாதக் கடைசியில் அதிர்ச்சி இல்லை.

டாப்-அப்பில் வேகம் அப்படியே இருக்கும். 10 ஜி.பி.க்கு 100 ரேண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 41 ஜி.பி.க்கு ஐந்து டாப்-அப், 500 ரேண்ட் கூடுதல். இதில் தொல்லை விலையில் இல்லை. யாரும் கேட்காமலே அது நடந்துவிடுவதில்தான். 2019 முதல் இங்கே, தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ICASA-வின் விதிகளின்படி, 50, 80, 100 சதவீதம் தீர்ந்ததும் வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். சம்மதம் இல்லாமல் அளவுக்கு மேல் கட்டணம் போடக் கூடாது. சரி, ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தால் அதுவும் சம்மதம்தான். தகவல் போகும் எண் ரவுட்டருக்குள் கிடக்கும் சிம்மின் எண்ணாக இருந்தால் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. கணக்குப் பக்கத்தில் இந்த இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

எதைத் தேர்வு செய்வது என்பதற்கு முன்னால் பயன்பாட்டு அறிக்கையைத் திறக்க வேண்டும். அதில் எந்தத் தளம், எந்தப் போன் என்றெல்லாம் இருக்காது. இணைப்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இறங்கிய அளவு, ஏறிய அளவு, அவ்வளவுதான். பலர் இறங்கியதை மட்டும் பார்க்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் ஏறியதும் சேர்த்தே கழிக்கப்படுகிறது. நம் கணக்கு வீட்டில் நாளுக்கு 2.3 ஜி.பி. இறங்கியிருக்கிறது, 2.2 ஜி.பி. ஏறியிருக்கிறது. எல்லோரும் காவடிக்குக் கோயிலுக்குப் போயிருந்த நாளில் இறங்கியது கொஞ்சம்தான், ஏறியது மட்டும் குறையவே இல்லை. ஆள் இல்லாத வீட்டில் ஏறிக்கொண்டே இருப்பது என்ன? வாசல் கேமரா. அசைவைக் கண்டதும் படம்பிடித்துக் கிளவுடுக்கு அனுப்பும் வகை. தெருவில் போகும் ஒவ்வொரு காரும் அதற்கு அசைவுதான். சந்தேகமிருந்தால் ஒரு நாள் கேமராவின் வைஃபையை நிறுத்திவிட்டு மறுநாள் அறிக்கையைப் பாருங்கள்.

பதிவை மெமரி கார்டுக்கு மாற்றினால் 9 நாளுக்கு 21 ஜி.பி. போதும், ஐந்து டாப்-அப் மூன்றாகும். வேகக் குறைப்பிலும் பலன் உண்டு. கேமரா விட்டுக்கொடுத்த இடத்தில் வீடியோ கால் ஓடும்.

அறிக்கையைப் படிக்கையில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். நேரம் யு.டி.சி.யில் இருந்தால் நம் நேரம் அதைவிட 2 மணி கூட. அங்கே 22:00 என்றிருப்பது இங்கே நள்ளிரவு. இரவு டேட்டா தனியாக உள்ள திட்டத்தில் இது பெரிய குழப்பம். அப்புறம், சில ரவுட்டர்கள் கே.பி., எம்.பி., ஜி.பி. என்று ஒவ்வொரு படியிலும் 1024-ஆல் பெருக்கி எண்ணுகின்றன. நிறுவனம் 1000-ஆல் எண்ணினால், அவர்கள் கணக்கில் 100 ஜி.பி. என்பது ரவுட்டரில் 93 என்று தெரியும். அந்த 7-க்காகச் சண்டை போட வேண்டாம்.

என் தேர்வு: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் யாரும் இல்லையென்றால் வேகக் குறைப்பு. இருந்தால் டாப்-அப், ஆனால் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் வாங்குவது. அணைக்க முடியாவிட்டால் மாதத்துக்கு இத்தனை ரேண்ட் என்று உச்சவரம்பு. 28-ஆம் தேதிக்கு மேல் வாங்கும்போது, அது மாதக் கடைசியில் காலாவதியாகுமா, 30 நாள் இருக்குமா என்று பார்த்து அளவைத் தீர்மானியுங்கள்.

இணைப்பு மெதுவாக இருப்பதெல்லாம் வேகக் குறைப்பும் இல்லை. காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் வேகத்தை அளந்து பாருங்கள். இரண்டும் 2-ஐ ஒட்டியே நின்றால் அளவு தீர்ந்திருக்கிறது. காலையில் 20, இரவில் 3 என்றால் டவரில் நெரிசல். அதற்கு டாப்-அப் வாங்கினால் காசுதான் போகும். டாப்-அப் வாங்கியும் 2-லேயே நின்றால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். சில சேவைகளில் புது இணைப்பு தொடங்கினால்தான் தடை நீங்கும்.