மொட்டைக் கடிதம் யார் எழுதியது: வழக்கங்களைத் தேடுவதா, சொற்களை எண்ணுவதா?

ஓர் அலுவலகத்தின் உள்விசாரணைக்காக ஆங்கில மொட்டைக் கடிதங்களை ஆராய வேண்டியிருந்தபோது, என் முன்னே இரண்டு முறைகள் இருந்தன. எழுதுபவரின் தனி வழக்கங்களை மொழியியலாளர் கண்டு சொல்வது ஒன்று. சாதாரணச் சொற்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று எண்ணி ஒப்பிடும் நடையளவியல் மற்றொன்று. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

குறுஞ்செய்தி போன்ற சிறிய எழுத்துக்கு முதல் முறைதான் கைகொடுக்கும். 2005இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் காணாமல் போன ஓர் இளம்பெண்ணின் கைபேசியிலிருந்து அதன் பிறகும் செய்திகள் வந்தன. அவர் ‘மைசெல்ஃப்’ என்று எழுதுபவர். பின்னர் வந்தவற்றில் ‘மீசெல்ஃப்’ இருந்தது. மொழியியலாளர் மால்கம் கூல்ட்ஹார்ட், அவை சந்தேக நபரின் வழக்கத்தோடு ஒத்துப்போகின்றன என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டார். அது சரியான எச்சரிக்கை. ஏனெனில் ‘மீசெல்ஃப்’ அந்த வட்டாரத்தில் பலருக்கும் உரிய பேச்சு வழக்கு. எத்தனை பேர் அப்படி எழுதுகிறார்கள் என்று தெரியாமல், அந்த ஒற்றுமையின் எடையைச் சொல்ல முடியாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இந்த இடம்தான்: எவ்வளவு பிழைபடும் என்பதை முன்கூட்டியே சோதிக்க முடிகிறதா? 1964இல் புள்ளியியலாளர்கள் மோஸ்டெல்லரும் வாலஸும், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வெளியான ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய்ந்தபோது, ‘அப்பான்’ (upon) என்ற சொல் அவற்றை எழுதியவர்களில் ஹாமில்டனிடம் ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ மூன்று முறை வருவதையும், மேடிசனிடம் மிக அரிதாகவே வருவதையும் கண்டனர். இத்தகைய அளவை, எழுதியவர் யார் என்று நமக்குத் தெரிந்த கட்டுரைகளிலேயே பெயரை மறைத்து ஓட்டிப் பார்க்கலாம். எத்தனை முறை தவறுகிறது என்பதே அதன் பிழை விகிதம். அந்தச் சோதனை எழுத்தும், விசாரணையில் ஆராயப்படும் எழுத்தின் நீளத்திலும் வகையிலும் இருக்க வேண்டும்; அலுவலக மின்னஞ்சலில் தேறிய அளவு, கோபக் கடிதத்தில் தேறும் என்பதற்கு உறுதியில்லை.

எண்ணிக்கை மட்டுமே காவலாகிவிடாது என்பதும் உண்மை. வாக்கியந்தோறும் சில சொல் வழக்கங்களை எண்ணி வரைபடமாக்கும் கியூசம் என்ற முறை 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் வரை சென்று, பிறகு சோதனைகளில் தோற்றது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று: ஃபெடரலிஸ்ட் ஆய்வில் சர்ச்சைக்குரிய கட்டுரைகளை ஹாமில்டன், மேடிசன் இருவரில் ஒருவரே எழுதியிருக்க வேண்டும் என்பது உறுதி, வழக்கிலோ உண்மையான எழுத்தாளர் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். அப்போதும் கணக்கு ‘மிக நெருக்கமானவர்’ என்று யாரையாவது காட்டிவிடும். ஆகவே அந்த நெருக்கம் எந்த எல்லைக்குள் இருந்தால் ஏற்பது, எப்போது ‘தெரியவில்லை’ என்று சொல்வது என்பதை முடிவு பார்ப்பதற்கு முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும்.

2000ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, நடை ஒற்றுமைகளைச் சுட்டிக்காட்ட நிபுணரை அனுமதித்து, எழுதியவர் இவரே என்ற முடிவை அவர் சொல்ல அனுமதி மறுத்தது. பிழை விகிதம் கணக்கிடப்படாத சாட்சியத்துக்கு அதுவே தகுந்த வரம்பு என்று கருதுகிறேன். தமிழ்க் கடிதங்களில் என் அனுபவம் மிகக் குறைவு. வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அங்கே தனிச் சொற்களை விட எழுத்துத் தொடர்களை எண்ணுவதே பயன்படும் என்று தோன்றுகிறது.