போஸ்ட் ஷெடியூல் செய்யும் செயலிக்கு ஒரு வருடக் காசு கட்டுவதற்கு முதல் இதைப் படியுங்கள்

திருகோணமலையில் சின்னச் சின்ன வியாபாரங்களுக்குப் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. இந்த சீசனுக்கு மூன்று பேர் பிடித்திருந்தேன். ஒருவர் டொல்பின், திமிங்கிலம் பார்க்கப் படகு விடுபவர், அடுத்தது உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், மற்றது ஒரு சாப்பாட்டுக் கடை. இரவில் கண் விழித்துப் போட முடியாது என்று ஒரு ஷெடியூலிங் செயலியை எடுத்தேன். பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் இதே மாதிரியான பிளான்களை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 20இல் 14 நாள் இலவசப் பரீட்சார்த்தம் தொடங்கியது. நான் கவனிக்காத விஷயம், அந்த 14 நாளும் அவர்கள் காட்டியது பெரிய பிளான். எல்லாம் திறந்து கிடந்தது. படகுக்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரு படம் என்று மே 31 வரை உட்கார்ந்து ஷெடியூல் செய்து முடித்தேன். கெஸ்ட் ஹவுஸில் இருக்கும் அக்காவின் மகனையும் உள்ளே சேர்த்து, அவன் எழுத நான் பார்த்து விடுவது என்று ஒழுங்குபடுத்தினேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று, விலைக்கழிவுக்கு ஆசைப்பட்டு, கீழ்ப் பிளானுக்கு ஒரு வருடத்துக்கே டொலரில் கட்டிவிட்டேன். கார்டுக்கு வங்கியும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டது, அது வேறு கதை.

அந்தப் பிளானில் இருந்தது ஐந்து புரொபைல், ஒவ்வொன்றிலும் பத்து போஸ்ட், ஒரு ஆள். ஐந்து புரொபைல் என்றால் ஐந்து வாடிக்கையாளர் என்று நினைத்தேன், பாருங்கள் என் புத்தியை. பேஸ்புக் பக்கம் ஒன்று, இன்ஸ்டாகிராம் ஒன்று, கூகுள் மேப்பில் இருக்கும் கடை விபரம் ஒன்று என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் புரொபைல். படகுக்கு இரண்டு, கெஸ்ட் ஹவுஸுக்கு மூன்று, கடைக்கு டிக்டொக்கும் சேர்த்து மூன்று, மொத்தம் எட்டு. மே 4 காலையில் கடையின் மூன்றும் பூட்டிக் கிடந்தன. சிவப்பு எழுத்தில் போட்டிருந்ததால் உடனே தெரிந்தது, திட்டிக்கொண்டே கடைக்குப் போனில் இருந்து கையால் போடத் தொடங்கினேன். அக்காவின் மகன் எழுதிவைத்து என் அனுமதிக்குக் காத்திருந்தவையும் காணாமல் போயின, அந்த வசதி பல ஆட்கள் சேர்க்கும் பிளானுக்கு மட்டுமாம்.

உண்மையான அடி இதுவல்ல. மே 20 அன்று படகுக்கார அண்ணை போன் எடுத்தார். “தங்கச்சி, ஒரு கிழமையா எங்கட பக்கத்தில ஒண்டும் வரேல்லையே, சுகமில்லையா?” என்று கேட்டார். திறந்து பார்த்தால் 13ஆம் திகதியோடு நின்றிருக்கிறது. பிளான் மாறிய அன்று வரிசையில் முதல் பத்துப் போஸ்ட்டை மட்டும் விட்டுவிட்டு, 14இல் இருந்து 31 வரையான பதினெட்டையும் டிராஃப்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் சேர்த்து முப்பத்தாறு. மின்னஞ்சல் இல்லை, எச்சரிக்கை இல்லை. நாட்காட்டியில் வெறுமையாக இருக்கும் கட்டத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? முதல் பத்து நாள் ஒழுங்காகப் போனதால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மே மாதம் அவருக்கு உழைப்பு தொடங்கும் மாதம், பதில் சொல்ல வாய் வரவில்லை.

மேல் பிளானுக்கு மாறினால் சரியாகுமா என்று செயலிக்காரரிடம் கேட்டேன். டிராஃப்ட் தானாக வரிசைக்குத் திரும்பாது, ஒவ்வொன்றையும் கையால் திகதி போட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். வருடக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், “பத்து போஸ்ட்” என்று போட்டிருப்பது எந்தப் பத்து என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கக்கூடிய பத்து என்றால், ஒன்று வெளியே போனதும் இன்னொன்றை வைக்கலாம், சமாளிக்கலாம். மாதத்துக்கு மொத்தம் பத்து என்றால் பத்தோடு முடிந்தது, ஒரே படத்தை இரண்டு இடத்தில் போட்டால் இரண்டாகவும் எண்ணக்கூடும். பரீட்சார்த்தம் நடக்கும்போதே கட்டப்போகும் பிளானுக்கு மாற விடுவார்களா என்று பாருங்கள். விடாவிட்டால் அந்த 14 நாளுக்கு அப்பால் எதையும் ஷெடியூல் செய்ய வேண்டாம், முதல் மாதம் மாதக் கட்டணமே போதும்.

பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் மட்டும் என்றால் மெட்டா பிஸ்னஸ் சூட்டிலேயே காசில்லாமல் ஷெடியூல் செய்யலாம், இன்னொருவருக்கும் கடவுச்சொல் கொடுக்காமல் அனுமதி கொடுக்கலாம். படகை இப்போது அங்கேதான் வைத்திருக்கிறேன். காசு கட்டிய செயலியில் அடுத்த வருடத்துக்குத் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டேன், அண்ணை மட்டும் இன்னும் தினம் இரவு “நாளைக்குப் போகும்தானே?” என்று மெசேஜ் போடுகிறார்.