நாலு மில்லிமீட்டர் முகம்: சின்னஞ்சிறு பழைய படங்களை ஸ்கேன் செய்து பெரிதாக்கிய நாலு வருட அனுபவம்

எங்கள் அப்பத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். அதிலும் தனியாக இல்லை. பதினான்கு பேர் நிற்கும் குடும்பக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பெரியப்பா ஆக்ஃபா கிளிக் 3 பெட்டிக் கேமராவில் எடுத்தது. 120 ஃபிலிம், ஒரு சுருளுக்கு 12 படம். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் நெகட்டிவை அப்படியே தாளின் மேல் வைத்து அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதனால் படமும் நெகட்டிவ் அளவுதான்: 57 மில்லிமீட்டர் சதுரம். அதில் அப்பத்தாவின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை அளந்தால் நாலு மில்லிமீட்டர். இந்த முகத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான் ஸ்கேனர் வாங்கினேன். அதன் பிறகு சொந்தக்காரர்கள் வீட்டு ஆல்பங்கள் என்று ஏறக்குறைய 700 படங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்த ஒரு படத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்தேன். வந்த ஃபைலைத் திறந்து முகத்தின் மேல் ஜூம் செய்தால் கட்டம் கட்டமாக உடைந்தது. ஃபைலின் அளவைப் பார்த்தேன்: 673 × 673 பிக்சல். அதாவது 300 டிபிஐ, ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். அந்தக் கணக்கில் நாலு மில்லிமீட்டர் முகத்துக்குக் கிடைப்பது 47 பிக்சல். ஒரு கண்ணுக்கு ஏழெட்டு பிக்சல் தேறினால் அதிகம். அதைத் திரையில் ஒரு சாண் அளவுக்கு இழுத்தால் உடையாமல் என்ன செய்யும்? போஸ்ட்கார்டு அளவுப் படத்தை அதே அளவில் திரும்ப அச்சடிக்க 300 போதும். சின்னப் படத்தைப் பெரிதாக்கப் போதவே போதாது. நான் வைத்திருக்கும் கணக்கு எளிது: ஸ்கேன் செய்த டிபிஐயை 300ஆல் வகுத்தால், எத்தனை மடங்கு பெரிதாக அச்சடிக்கலாம் என்பது வந்துவிடும். 1200 என்றால் நாலு மடங்கு. 57 மில்லிமீட்டர் படம் ஒன்பது அங்குலம் ஆகும்.

அடுத்து வீட்டிலிருந்த பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரில் 1200 வைத்து எடுத்தேன். கட்டம் போய்விட்டது, ஆனால் முகம் பனி மூட்டத்துக்குள் இருப்பது போல இருந்தது. டிபிஐ நாலு மடங்கு கூடியும் தெளிவு கூடவில்லை. கேமராவே இவ்வளவுதான் எடுத்திருக்கிறது என்று சில மாதம் அப்படியே விட்டுவிட்டேன். அது தப்பு என்று காட்டிக்கொடுத்தது படத்தின் மேலிருந்த ஒரு கீறல்.

பழைய படத்தின் மேல் கீறல், தூசி, விரிசல் என்று ஏதாவது இல்லாமல் இருக்காது. அவை கேமராவில் பதிந்தவை அல்ல, தாளின் மேல் பின்னால் விழுந்தவை. எனவே முகம் மங்கலாகத் தெரிந்தால் அதன் பக்கத்திலிருக்கும் கீறலைப் பாருங்கள். கீறல் ஊசி போலக் கூர்மையாக இருந்து முகம் மட்டும் மங்கினால், படமே அப்படித்தான். கீறலும் மங்கினால் குற்றம் ஸ்கேனிங்கில்தான். என் ஃபைலில் ஓரத்துக் கீறல்கள் கூர்மையாக இருந்தன, நடுவில் இருந்தவை மட்டும் குழைந்திருந்தன.

காரணம் தாளின் வளைவு. பழைய படத்தின் பளபளப்பான பக்கத்தில் இருக்கும் ஜெலட்டின் காய்ந்து சுருங்கும்போது படம் அந்தப் பக்கமாகக் குழிந்துகொள்ளும். முகம் கீழே பார்க்கக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தால் ஓரங்கள் கண்ணாடியைத் தொடும், நடுப்பகுதி மேலே தூக்கி நிற்கும். பிரிண்டரோடு வரும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. அவற்றுக்குக் கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே தெளிவாகத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலே போச்சு. சிசிடி வகை ஸ்கேனரில் லென்ஸும் கண்ணாடிகளும் உள்ளே இருப்பதால் பெட்டி தடிமனாக இருக்கும், ஆனால் கொஞ்சம் தூக்கி நிற்பதையும் தெளிவாகவே எடுக்கும். பழைய படம்தான் வேலை என்றால், புது சிஐஎஸ்ஸை விட இரண்டாம் கை சிசிடி மேல். நான் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன்.

இருந்தாலும் படத்தைத் தட்டையாக்குவதை விடுவதில்லை. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு வாரம் விட்டுவிடுவேன். கையால் எதிர்ப்பக்கம் வளைக்கவே கூடாது, ஜெலட்டின் வெடித்துவிடும். மழைக்காலத்தில் படத்தைக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக் காத்திருப்பதும் கூடாது. ஈரம் ஏறிய ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி எத்தனை டிபிஐ என்ற கேள்வி. ஸ்கேனர் பெட்டியின் மேல் போட்டிருக்கும் பெரிய எண்களை நம்பத் தேவையில்லை. உங்கள் படத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் செய்வது இது: 1200இல் எடுத்த ஃபைலைப் பாதியாகச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்கே பெரிதாக்கி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது. கணினியில் இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தால் ஒரே வரி:

```
magick appatha.tif -resize 50% -resize 200% test.tif
```

இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாவிட்டால் 600இலேயே எல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆல்பங்களில் உள்ள போஸ்ட்கார்டு அளவுக் கலர் படங்களில் பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. அப்பத்தா படத்தில் அப்படி ஆகவில்லை. 1200இல் இடப்பக்க மூக்குத்தி தனிப் புள்ளியாக நின்றது. சுருக்கி விரித்ததில் அது மூக்கோடு கலந்துவிட்டது. பிறகு 2400இல் எடுத்துப் பார்த்தேன். புதிதாக வந்தது தாளின் நார் மட்டுமே. கறுப்பு வெள்ளையில் 16 பிட் ஃபைல் 14 எம்பியிலிருந்து 58 எம்பி ஆனதுதான் மிச்சம். ஆகவே இந்தப் படத்துக்கு 1200. முகத்துக்கு 189 பிக்சல்.

ஸ்கேன் செய்யும்போது மென்பொருளில் Unsharp Mask போன்றவை தானாகவே டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்கேனரே கூர்மையாக்கித் தந்தால் விளிம்புகளில் வெள்ளைக் கோடு விழும். பிறகு பெரிதாக்கும்போது அதுவும் சேர்ந்து பெரிதாகும். ஃபைலை டிஃப் ஆகச் சேமியுங்கள். ஜேபெக் ஆக்கினால் 8 பிக்சல் சதுரங்களாக வெட்டித்தான் சுருக்கும். ஜூம் செய்கையில் கன்னத்தில் தெரியும் கட்டங்கள் பல நேரம் இவைதான்.

கறுப்பு வெள்ளைப் படம் என்றாலும் நான் கலரில்தான் எடுக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் விழுங்கும். சிவப்பு ஒளிக்கு அது ஏறக்குறைய இல்லாதது போல. அதனால் கலர் ஃபைலிலிருந்து சிவப்பு அடுக்கை மட்டும் பிரித்தெடுத்தால் மஞ்சள் பூத்த படம் சட்டென்று வெளுத்து நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. மலிவான ஸ்கேனர்களில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் அரைப் பிக்சல் நகர்ந்திருக்கும். மூன்றையும் கலந்து கறுப்பு வெள்ளை ஆக்கினால் அந்த நகர்வு மங்கலாக மாறும். ஒரே அடுக்கை எடுத்தால் அது வராது.

```
magick appatha.tif -channel R -separate sigappu.tif
```

அப்பத்தாவின் சேலைக் கரை கோடு கோடாகப் பிரிந்தது இதற்குப் பிறகுதான்.

திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, வெறும் ஜூமை நம்புவதை விட முகத்தை மட்டும் வெட்டியெடுத்து மூன்று மடங்கு ஆக்கித் தனி ஃபைலாக வைத்துக்கொள்வது நல்லது. படம் காட்டும் செயலிகள் சில பிக்சலை அப்படியே பெரிய கட்டமாகக் காட்டும், சில எல்லாவற்றையும் குழைத்துவிடும். கூர்மையாக்கும் வேலையைப் பெரிதாக்கிய பிறகுதான் செய்ய வேண்டும், அதுவும் கொஞ்சமாக:

```
magick mugam.tif -filter Lanczos -resize 300% -unsharp 0x1.5+0.7+0.02 mugam3x.tif
```

காது ஓரத்திலோ தலை வகிட்டிலோ வெள்ளை விளிம்பு தெரிந்தால் 0.7ஐக் குறையுங்கள். அப்புறமும் முகம் மெழுகு பொம்மை போல வழவழவென்று இருந்தால், ஃபிலிமில் இருப்பது போன்ற மெல்லிய மணல் தன்மையைக் கொஞ்சம் சேர்ப்பேன். விவரம் எதுவும் புதிதாக வராது, ஆனால் கண் அதைத் தெளிவு என்று ஏற்றுக்கொள்கிறது. இந்த ஃபைலைச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் டாகுமெண்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே சுருங்கிப் போகும்.

நாலு வருடத்தில் ஸ்கேனரில் வந்த ஒரே கோளாறு கண்ணாடியின் உட்புறம் படிந்த மெல்லிய புகை மூட்டம். மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாது. கறுப்புக் கோட்டு, தலைமுடி எல்லாம் சாம்பல் பூசியது போல வர ஆரம்பித்தால் அதுவாக இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, கண்ணாடி பொருத்திய மேல்சட்டத்தின் திருகுகளைக் கழற்றி, உலர்ந்த மைக்ரோ ஃபைபர் துணியால் துடைத்தேன். கறுப்பு மறுபடி கறுப்பானது.

போன வருடம் சித்தப்பா வீட்டு ட்ரங்குப் பெட்டியில் அந்தப் படத்தின் நெகட்டிவே கிடைத்தது. பின்னாலிருந்து ஒளி கொடுக்கும் மூடி உள்ள ஸ்கேனரில் 2400இல் எடுத்தேன். முகத்துக்கு 378 பிக்சல். ஆனால் பெரிய மாற்றம் பிக்சலில் இல்லை. அச்சில் முழுக் கறுப்பாக இருந்த கண்குழிகளில் நெகட்டிவில் விவரம் இருந்தது. தாளால் தாங்க முடியாத நிழலை ஃபிலிம் வைத்திருந்திருக்கிறது. படத்தைக் கொண்டுவரும் யாரிடமும் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, நெகட்டிவ் இருக்கிறதா என்றுதான்.

அதே நெகட்டிவில் இடது கோடியில் நிற்கும் சின்னத் தாத்தாவின் முகம் மட்டும் இன்னும் மங்கல்தான். அவர் சட்டை மேலிருக்கும் கீறல் கூர்மையாக இருக்கிறது, முகம் இல்லை. கிளிக் 3இல் இருப்பது எளிய லென்ஸ். நடுவில் தெளிவு, ஓரத்துக்குப் போகப் போகக் குழைவு. அவருடைய பேத்தி ஒன்பது அங்குலத்தில் கேட்டார். நான் நாலு அங்குலத்தில் போட்டுக் கொடுத்தேன். அந்த அளவில் அவர் சிரிப்பது தெரிகிறது.