கேழ்வரகு உருண்டையா, மசாலா பொரியா?

தர்மபுரியில் பிள்ளைகளின் பள்ளிச் சந்தைக்குக் கடை போட்டால் இந்த இரண்டில் எதை வைப்பது? பொரிக்குச் செலவு குறைவு, ஆனால் முன்கூட்டியே கலக்க முடியாது. வெங்காயம், தக்காளி பட்டதும் சில நிமிடங்களில் நமுத்துவிடும். அதனால் ஒவ்வொரு பொட்டலமாகக் கலக்க வேண்டும், வரிசை நீளும்.

உருண்டை முந்தின நாளே தயார். 1 கிலோ கேழ்வரகு மாவை இளந்தீயில் வாசனை வரும்வரை வறுக்கணும். அவசரப்பட்டால் பச்சை வாடை அடித்து, தொண்டையில் ஒட்டும். அப்புறம் அரை கிலோ வறுத்த நிலக்கடலையும் முக்கால் கிலோ வெல்லமும் சேர்த்து இடிக்கணும். தண்ணீர் விடாதீர்கள், சீக்கிரம் கெடும். மாவு உதிர்ந்தால் உருக்கிய நெய் கொஞ்சம் போதும். 30 கிராம் வீதம் சுமார் 75 உருண்டை. எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. என் ஓட்டு உருண்டைக்கே.