கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா?

அப்பா இறந்தபின் அவர் நிலத்துக்குப் பட்டா மாற்றும்போது அண்ணனும் தங்கையும் முதலில் தடுமாறும் இடம் இதுதான். சர்வே எண் 112/3-இல் 1 ஏக்கர் 20 சென்ட், ஆளுக்கு 60 சென்ட் என்று வைத்துக்கொள்வோம்.

செலவு:
கூட்டுப் பட்டா: முக்கியமாக இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும்; நிலத்தை அளக்க வேண்டியதில்லை.
தனிப் பட்டா: பாகப்பிரிவினைப் பத்திரம், பதிவுச் செலவு, உட்பிரிவுக் கட்டணம் எல்லாம் சேரும்.

காலம்:
கூட்டு: பெயர் மாற்றம் மட்டும்தான், சீக்கிரம் முடியும்.
தனி: சர்வேயர் வந்து அளக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

எல்லை:
கூட்டு: சிட்டாவில் இரண்டு பெயர்களும் மொத்தப் பரப்பும் வரும். கிணற்றுப் பக்கம் யாருடையது என்பதை அது சொல்லாது. சண்டை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.
தனி: நிலம் 112/3ஏ, 112/3பி என்று பிரிந்து, புலப்படத்தில் புதுக்கோடு விழும். அளக்கும் நாளில் இருவரும் வரப்பில் நிற்பது அவசியம். பத்திரத்தில் எழுதிய 60 சென்ட் தரையில் 58 ஆக இருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

சேர்ந்து பயிர் செய்பவர்களுக்கு இப்போதைக்குக் கூட்டுப் பட்டா போதும். ஒருவர் விற்கவோ அடமானம் வைக்கவோ நினைத்தால் தனிப் பட்டாவே சரி.

எதுவானாலும், பட்டா மாற்ற உத்தரவு வந்ததும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, பயிர் விவரம் எழுதும் கிராமக் கணக்கான அடங்கலிலும் பெயர் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். அடங்கலில் பழைய பெயரே இருந்தால் பயிர்க்கடன் கேட்கும்போது சிக்கல் வரும்.