நாட் கேட்வே உள்ள விபிசி: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரியவருபவை

அமேசான் கிளவுடில் பப்ளிக், பிரைவேட் சப்நெட்களோடு ஒரு விபிசி அமைக்க அரை மணி நேரம் போதும். அது சரியாக அமைந்திருக்கிறதா என்பது மாதக்கணக்கில் ஓடிய பிறகுதான் தெரியவரும். அப்படி ஓடும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, பிரைவேட் சப்நெட்டில் உள்ளவை வெளியே போகும் வழியான நாட் கேட்வேயைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் அமைப்பு. 10.0.0.0/16 என்ற விபிசியை இரண்டு அவைலபிலிட்டி ஸோன்களில் பிரித்து, பப்ளிக் சப்நெட்களுக்கு 10.0.0.0/24, 10.0.1.0/24 என்றும், பிரைவேட்டுக்கு 10.0.16.0/20, 10.0.32.0/20 என்றும் கொடுப்பது நன்றாக உழைக்கிறது. பப்ளிக்கில் லோட் பேலன்சரும் நாட் கேட்வேயும் மட்டுமே இருப்பதால் சின்ன சப்நெட் போதும். சர்வர்களும் கன்டெய்னர்களும் பிரைவேட்டில்தான் பெருகும். ஒருமுறை உருவாக்கிய சப்நெட்டின் அளவை மாற்ற முடியாது என்பதால் அங்கே கஞ்சத்தனம் கூடாது.

ஒரு சப்நெட்டைப் பப்ளிக் ஆக்குவது அதன் பெயரல்ல, அதன் ரூட் டேபிள். 0.0.0.0/0 இன்டர்நெட் கேட்வேக்குப் போனால் அது பப்ளிக். நாட் கேட்வே அப்படிப்பட்ட சப்நெட்டில்தான் உட்கார வேண்டும். தவறுதலாகப் பிரைவேட்டில் வைத்தாலும் அது Available என்றே காட்டும், ஆனால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. ஸோனுக்கு ஒரு நாட் கேட்வே, அந்த ஸோனின் பிரைவேட் சப்நெட்டுக்குத் தனி ரூட் டேபிள் என்று வைத்தால், ஒரு ஸோன் விழுந்தாலும் மற்றது வெளியுலகத் தொடர்பை இழக்காது. ஒரு பிரைவேட் ரூட் டேபிள் இப்படி இருக்கும்:

```
10.0.0.0/16    local
pl-...         vpce-...
0.0.0.0/0      nat-...
```

நடுவில் இருக்கும் வரி எஸ்3-க்கான கேட்வே எண்ட்பாயின்ட். இதை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. நாட் கேட்வே வழியாகப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம் உண்டு. அதே ரீஜனில் உள்ள எஸ்3-க்கு இந்த எண்ட்பாயின்ட் வழியாகப் போனால் அது இல்லை. பேக்கப்பும் லாகும் எஸ்3-க்குப் போகிற அமைப்பில் பில் குறைவது உடனே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் பின்னால் சேர்ப்பவர்கள் இரண்டை எதிர்பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் திறந்திருக்கும் எஸ்3 இணைப்புகள் அறுந்துபோகும். பக்கெட் பாலிசியில் நாட் கேட்வேயின் எலாஸ்டிக் ஐபியை aws:SourceIp என்று அனுமதித்திருந்தால், இனி 403 வரும், ஏனென்றால் கோரிக்கை இப்போது அந்த ஐபியிலிருந்து போவதில்லை. அங்கே aws:SourceVpce என்று மாற்ற வேண்டும்.

ஆனால் ஆளை அதிகம் அலைக்கழிப்பது 350 வினாடி எல்லை. ஒரு இணைப்பில் 350 வினாடிகள் எதுவும் போகாமல் வராமல் இருந்தால், நாட் கேட்வே அதை மறந்துவிடும். இரு முனைகளுக்கும் அதைச் சொல்லாது. பிரைவேட் சப்நெட்டில் உள்ள ஒரு சர்வர், வெளியே உள்ள போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பத்து நிமிட ரிப்போர்ட் குவெரி ஒன்றை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குவெரி முடிந்து பதில் கிளம்பும், ஆனால் அதை யாருக்குக் கொடுப்பது என்று நாட் கேட்வேக்குத் தெரியாது. டேட்டாபேஸ் லாகில் குவெரி முடிந்திருக்கும், புரோகிராம் மட்டும் காத்துக்கொண்டே இருக்கும். சும்மா கிடந்த இணைப்பில் சர்வரே மறுபடி எதையாவது அனுப்பினால் Connection reset by peer என்று வரும். ஐந்து நிமிடத்துக்குள் முடியும் வேலைகள் எல்லாம் சரியாக ஓடி, ஆறு நிமிடத்தைத் தாண்டுபவை மட்டும் தொங்கினால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். கிளவுட்வாட்சில் IdleTimeoutCount ஏறியிருந்தால் அது உறுதி.

சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் பாக்கெட்டை லினக்ஸ் அனுப்பத் தொடங்குவது 7,200 வினாடிகள் கழித்து. அதை 350-க்குக் கீழே இறக்க வேண்டும்:

```
sysctl -w net.ipv4.tcp_keepalive_time=200
ss -tno state established
```

இரண்டாவது கட்டளையின் வெளியீட்டில் அந்த இணைப்புக்கு நேரே timer:(keepalive,...) என்று இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். புரோகிராம் தன் சாக்கெட்டில் கீப்அலைவைக் கேட்டிருக்காவிட்டால் sysctl மாற்றத்தால் பயனில்லை. போஸ்ட்கிரெஸின் libpq தானாகவே கேட்டுக்கொள்ளும். எல்லா நூலகங்களும் அப்படியல்ல. கன்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் இருந்தால் ஹோஸ்டில் மாற்றியது உள்ளே போய்ச் சேராது, அங்கே பழைய 7,200 தான் இருக்கும். அந்த இடத்தில் கனெக்ஷன் ஸ்டிரிங்கிலேயே keepalives_idle=200 என்று எழுதிவிடுவது நம்பகமான வழி.